தீபாவளி சேல் முதல் நாள் காலையில் கடை ஆட்களிடம் என்ன பேசுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயிலாடுதுறை, கும்பகோணம், திருவாரூர் பக்கம் நடுத்தர ஜவுளிக்கடை வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. இருபது இருபத்தைந்து பேர் வேலை பார்க்கும் கடை, கீழே புடவையும் வேட்டியும், மாடியில் ரெடிமேடும் பிள்ளைகள் துணியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சேல் ஆரம்பிக்கிற அன்னிக்குக் காலையில எல்லாரையும் நிறுத்தி வெச்சு என்னதான் பேசறது? "நல்லா வேலை பாருங்க"ன்னு சொன்னா போதாதா?

அதை நீங்கள் சொல்லாவிட்டாலும் அவர்கள் நன்றாகத்தான் வேலை பார்க்கப் போகிறார்கள், அன்றைக்கு நிற்கிற கூட்டம் அதைப் பார்த்துக்கொள்ளும். காலையில் பேசுவது வேறொரு காரியத்துக்கு. பதினோரு மணிக்கு மேல் உங்களைக் கல்லாவிலிருந்து அசைக்க முடியாது. மாடியில் ஒரு பெண் ஒரு குடும்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள், "இதுக்குத் தள்ளுபடி உண்டா, அதைச் சேர்த்தா எவ்வளவு வரும்" என்று கேட்பார்கள், அவள் படியிறங்கி வந்து உங்களிடம் கேட்டுவிட்டுத் திரும்பப் போவதற்குள் அந்தக் குடும்பம் பக்கத்துக் கடைக்குப் போயிருக்கும். அந்தக் கேள்விக்கெல்லாம் காலையிலேயே பதில் சொல்லிவைப்பதுதான் இந்தப் பேச்சு. இன்றைக்குப் புதிதாக என்ன மாறியிருக்கிறது, எதை யார் முடிவு செய்யலாம், இந்த இரண்டும்தான் விஷயம். தினமும் நடக்கிற எதையும் அதில் சேர்க்க வேண்டாம்.

நம் பக்கத்துக்கு ஒரு கூடுதல் காரணமும் உண்டு. குறுவை அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, பணம் வங்கிக் கணக்கில் ஏறுவது தீபாவளியை ஒட்டித்தான். கிராமத்திலிருந்து குடும்பமே ஒரே நாளில் பஸ் ஏறி வரும், பாட்டி முதல் கைக்குழந்தை வரை எல்லாருக்கும் ஒரே பில்லில் எடுக்கும், திரும்பிப் போகிற பஸ்ஸைப் பிடிக்க அவசரப்படும். இந்தக் கூட்டத்தில் பில் பெரிது, பொறுமை சின்னது. பில் போடுகிற இடத்தில் ஒரு சின்னக் குழப்பம் வந்தால் மொத்தப் பில்லும் போய்விடும்.

எத்தனை நிமிஷம் பேசலாம்?

மூன்று, மிஞ்சினால் நான்கு. எழுதிப் பார்த்தால் ஏறக்குறைய முந்நூறு சொல் வரும். அதற்கு மேல் போனால் பின்னால் நிற்பவர்கள் ஸ்டாக்கைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

பூஜைக்கு முன்னாடி பேசணுமா, பின்னாடியா?

பூஜை முடிந்து, பூசணிக்காய் சுற்றி, திருநீறு பூசியபின், ஷட்டரை முழுதாகத் தூக்குவதற்கு முன். சூடம் எரியும்போது பேசினால் யார் காதிலும் ஏறாது. ஷட்டரைத் தூக்கியபின் என்றால் வாசலில் நிற்கிறவர் உள்ளே வந்துவிடுவார், முதல் போணியைக் காக்க வைத்துக்கொண்டு பேசவும் உங்களுக்கு மனசு வராது. இன்னொன்று, எல்லாரையும் கல்லாவைப் பார்த்து வரிசையாக நிறுத்தாமல் மாடிப்படி அடியில் கூட்டமாக நிறுத்துங்கள். பேக்கிங்கில் இருப்பவர், வாசலில் வண்டி பார்க்கும் ஐயா, எல்லாரும் வேண்டும். வண்டி பார்க்கிறவரிடம்தான் "ஆஃபர் என்ன"ன்னு முதலில் கேட்பார்கள்.

தள்ளுபடியைத்தான் நோட்டீஸ்லயே போட்டிருக்கோமே, அதைத் திரும்பச் சொல்லணுமா?

சொல்லித்தான் ஆக வேண்டும், அதுவும் சதவீதமாகச் சொல்லாமல் ரூபாயாக. பெரும்பாலான சண்டை இங்கேதான் பிறக்கிறது, அதனால் ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம்.

ரெடிமேடுக்கு 20 சதவீதம், பில் 3,000 ரூபாயைத் தாண்டினால் மொத்தத்தில் இன்னொரு 10 சதவீதம் என்று நோட்டீஸ் அடித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் வாயில் இது "முப்பது பர்சென்ட்" என்றுதான் வரும், வராமல் இருக்காது. ஆனால் 1,000 ரூபாய் சட்டைக்கு முதலில் இருபது போனால் 800, அந்த எண்ணூறில் பத்து போனால் 720. முப்பது என்று கேட்டு வந்தவர் 700 எதிர்பார்ப்பார். இருபது ரூபாய்தான் வித்தியாசம், ஆனால் "உள்ளே ஒன்னு சொன்னீங்க, இங்க ஒன்னு சொல்றீங்க" என்று அவர் கல்லாவில் குரல் உயர்த்தும்போது பின்னால் வரிசையில் நிற்கிற பத்துப் பேரும் தங்கள் பில்லைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை அந்த 3,000 எது என்பதில் இருக்கிறது. டேக் விலையா, கழித்தபின் விலையா? ஒரு குடும்பம் டேக் விலையில் 3,600 ரூபாய்க்கு எடுக்கிறது. இருபது போனால் 2,880. டேக்கைப் பார்த்தால் மூவாயிரம் தாண்டிவிட்டது, இன்னொரு பத்து கொடுத்து 2,592 வாங்க வேண்டும். கழித்தபின் என்றால் தாண்டவில்லை, 2,880தான். 288 ரூபாய் வித்தியாசம், ஒரு பிள்ளைக்கு அரைக்கால் சட்டை வந்துவிடும். நீங்கள் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பில் மெஷினில் எப்படி ஏற்றியிருக்கிறதோ அதையே உள்ளே நிற்கிற எல்லாரும் சொல்ல வேண்டும்.

கழித்தபின் என்று வைத்தால் ஒரு வேடிக்கையும் நடக்கும். அதே 2,880 பில்லில் தள்ளுபடி இல்லாத 150 ரூபாய் துண்டு ஒன்றைச் சேர்த்தால் 3,030 ஆகிறது. அதில் பத்து போனால் 2,727. துண்டும் கிடைத்து 153 ரூபாய் குறையவும் செய்கிறது. வாங்குபவருக்கு இது தெரியாது, விற்பவருக்குத் தெரியும். "அம்மா, ஒரு துண்டு சேர்த்துக்குங்க, உங்களுக்கே லாபம்" என்று சொல்லலாமா கூடாதா என்று அந்தப் பெண் தயங்கி நிற்பாள். சொல்லலாம் என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். அந்தக் குடும்பம் பொங்கலுக்கும் உங்களிடம்தான் வரும்.

ஒரு முழுப் பேச்சு எழுதிக் காட்டுங்களேன், அப்படியே பேசிக்கறேன்.

அப்படியே பேசினால் உங்கள் வாய்க்கு ஒட்டாது, உங்கள் கடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அதே தள்ளுபடியை வைத்து ஒன்று:

"எல்லாரும் டிபன் சாப்பிட்டாச்சா? சாப்பிடாதவங்க இது முடிஞ்சதும் பின்னாடி போய் ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு வாங்க, அப்புறம் நகர முடியாது.

இன்னிக்குப் புதுசு என்னன்னா, ரெடிமேட் எல்லாத்துக்கும் இருபது. ஆயிரம் ரூபா டேக்னா எண்ணூறு. கழிச்சப்புறம் பில்லு மூவாயிரத்தைத் தாண்டினா இன்னொரு பத்து, அப்போ அந்த ஆயிரம் ரூபா சட்டை எழுநூத்தி இருபது. முப்பதுன்னு யாரும் சொல்லாதீங்க. கொஞ்சம் குறையுதுன்னா துண்டோ உள்பாவாடையோ சேர்த்துக்கச் சொல்லுங்க, அவங்களுக்கு லாபம்னா தாராளமா எடுத்துச் சொல்லலாம். பட்டுக்கு இருபது கிடையாது, கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, விரிச்சுக் காட்டினதுக்கப்புறம் சொல்லாதீங்க.

பேரம் கேப்பாங்க. அம்பது ரூபா வரைக்கும் மாடியில அண்ணன், கீழ அக்கா, அவங்களே முடிவு பண்ணலாம். நான் அப்புறம் வந்து ஏன்னு கேக்க மாட்டேன். அதுக்கு மேலன்னா மட்டும் என்கிட்ட அனுப்புங்க.

ஸ்கேன் பண்ணிட்டேன்னு போனைக் காட்டினா போதாது, நம்ம பெட்டி சொல்லணும், இல்ல கல்லா போன்ல வந்திருக்கணும். வரலைன்னா 'நெட்வொர்க் மெதுவா இருக்கும்மா, ஒரு நிமிஷம் உக்காருங்க'ன்னு சொல்லுங்க. 'காசு வரல'ன்னு சத்தமா யாரும் சொல்லக் கூடாது.

சைஸ் மாத்தணும்னா பில்லும் டேக்கும் இருந்தா தீபாவளிக்கு முந்தின நாள் வரைக்கும் மாத்தலாம், ஆனா காலையில பதினொண்ணுக்குள்ள. கிழிசல், சாயம் போனது எப்ப வந்தாலும் வாங்கிக்குங்க, வாக்குவாதம் வேணாம்.

கரண்ட் போனா ஜெனரேட்டர் எடுக்கற வரைக்கும் யாரும் நகராதீங்க. படிக்கட்டுல தம்பி டார்ச்சோட நிப்பான்.

சாப்பாடு மூணு பந்தி, பன்னெண்டு, பன்னெண்டே முக்கால், ஒண்ணரை. லிஸ்ட் தண்ணிப் பானைக்கு மேல ஒட்டியிருக்கு. கூட்டம் இருக்குன்னு யாரும் சாப்பாட்டை விட வேணாம், அனுப்பறது அக்கா பொறுப்பு. ஸ்டூல் போட்டிருக்கு, ஆள் இல்லாதப்ப உக்காருங்க, என்னைப் பார்த்துட்டு எந்திரிக்க வேணாம். மணல்மேடு, செம்பனார்கோயில் போறவங்க ஏழரைக்குக் கிளம்பிடுங்க.

புதுசா வந்த பாப்பா, டேக் ரெண்டாயிரம், ரெடிமேட், பில்லு அவ்வளவுதான். எவ்வளவு வாங்குவ? ... ஆயிரத்தி அறுநூறு. சரி. ஷட்டரைத் தூக்கலாம்."

இதுல ஸ்டூலைப் பத்தி ஏன் பேசணும்? அது சேல் விஷயம் இல்லையே.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் கொண்டுவந்த திருத்தப்படி வேலை பார்க்கும் எல்லாருக்கும் உட்கார வசதி செய்துதர வேண்டும். பல கடைகளில் ஸ்டூல் இருக்கும், ஆனால் முதலாளி கண்ணில் பட்டுவிடுமோ என்று யாரும் உட்கார மாட்டார்கள். நீங்கள் வாய்விட்டுச் சொன்னால்தான் அந்த ஸ்டூலுக்கு உயிர் வரும். சேல் விஷயமாகவும் பார்க்கலாம். காலையிலிருந்து நின்ற கால் சாயங்காலம் நாலு மணிக்கு வலிக்கத் தொடங்கும், அந்த நேரத்தில்தான் உள்ளூர்க்காரர்கள் ஆபீஸ் முடிந்து வர ஆரம்பிப்பார்கள். ஐந்தாவது புடவையை விரிக்கச் சொன்னால் முகம் சுருங்குவது அப்போதுதான்.

ஏழரை பஸ் விஷயமும் அப்படியே. கடையை 24 மணி நேரமும் திறக்க அனுமதித்த அரசாணையிலேயே, இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலையில் நிறுத்துவதென்றால் அவர்களுடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும் என்று இருக்கிறது. யார் எப்போது கிளம்பலாம் என்பதைக் காலையில் சொல்லிவிட்டால் ஏழு மணியிலிருந்து கடிகாரத்தையும் உங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது"ன்னு போர்டு மாட்டியிருக்கேன். நீங்க கிழிசல் எப்ப வந்தாலும் வாங்கச் சொல்றீங்க?

போர்டைக் கழற்றிவிடுங்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறையில் வருகிறது. சைஸ் பொருந்தவில்லை, நிறம் பிடிக்கவில்லை என்பது வேறு, அதற்கு நீங்கள் வைத்ததுதான் விதி. இந்த இரண்டையும் ஆட்கள் குழப்பிக்கொள்வார்கள், அதனால்தான் பேச்சில் தனித்தனியாக வைத்தேன். மாற்றுவதற்கு நேரம் குறித்தது உங்களுக்காக, கூட்டம் ஏறுவதற்கு முன் அந்த வேலை முடிந்துவிடும்.

இன்னிக்கு இவ்வளவு லட்சம் ஓடணும்னு டார்கெட் சொல்லலாமா?

விற்பவரால் அந்த லட்சத்தை வைத்து என்ன செய்ய முடியும்? மழை பெய்தால் குறையும், பெய்யாவிட்டால் கூடும். லட்சத்தைக் கேட்டவர்கள் மனதில் தங்கள் சம்பளத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள், அது உங்களுக்குத் தேவையில்லாத வேலை. எண் சொல்லியே ஆக வேண்டும் என்றால் அவர்கள் கையில் இருக்கிற எண்ணாகச் சொல்லுங்கள். "ஒருத்தர் முன்னாடி அஞ்சு புடவைக்கு மேல விரிஞ்சு கிடக்கக் கூடாது, ஆறாவது விரிக்கும்போது முதல் ரெண்டு மடிஞ்சிருக்கணும்" என்பது மாதிரி. இதில் ஸ்டாக்கும் கண்ணில் இருக்கும், வாங்குபவருக்கும் தலை சுற்றாது.

போனஸ் கேட்டுட்டே இருக்காங்க. அப்பவே சொல்லிடலாமா?

அன்றைக்குக் காலையில் வேண்டாம். அதை முதலிலேயே தீர்த்திருக்க வேண்டும். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அது உங்கள் தயவில்லை. அதை எடுத்துச் சேல் காலையில் பரிசு மாதிரி அறிவித்தால் விவரம் தெரிந்தவர்கள் உள்ளுக்குள் சிரிப்பார்கள். என்றைக்குக் கையில் கிடைக்கும் என்று தேதி மட்டும் தெரியாமல் இருந்தால் அந்தத் தேதியை ஒரு வரியில் சொல்லலாம். ஓவர்டைமும் அப்படித்தான், இரட்டிப்புக் கூலி என்பது விதி, தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள், பேச்சில் இழுக்காதீர்கள்.

திருட்டைப் பத்தி எச்சரிக்க வேணாமா? போன தடவை நாலு சட்டை போச்சு.

எச்சரியுங்கள், ஆனால் "எல்லாரையும் சந்தேகமா பாருங்க" என்று சொன்னால் ஏழைப்பட்டவர்கள் பின்னாலேயே சுற்ற ஆரம்பிப்பார்கள், கிராமத்திலிருந்து காசோடு வந்தவர் அவமானப்பட்டுப் போய்விடுவார். ட்ரையல் ரூமுக்கு எத்தனை உருப்படி உள்ளே போகிறது என்று எண்ணி டோக்கன் கொடுக்க ஒரு ஆள், அவ்வளவு போதும். யார் பையையும் யாரும் திறந்து பார்க்கக் கூடாது என்பதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள்.

மழை பெஞ்சா என்ன பண்றது? ஐப்பசியாச்சே.

வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் 20ஐ ஒட்டி இறங்கும். தீபாவளி 2025இல் அக்டோபர் 20ஆம் தேதியே வந்துவிட்டது, 2026இல் நவம்பர் 8. நவம்பரில் வருகிற தீபாவளி என்றால் மழையை விருந்தாளியாக நினைக்காதீர்கள், வீட்டு ஆளாகவே நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் சாக்கு, குடை போட வாளி, இதெல்லாம் முதல் நாள் ராத்திரியே வைக்கிற வேலை. பேச்சில் வர வேண்டியது ஒன்றுதான்: மழைக்கு ஒதுங்குகிறவரை வாசலில் நிறுத்தாதீர்கள், உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள், வாங்கச் சொல்லி நச்சரிக்காதீர்கள். அப்புறம் ஈரக் கையோடு வெளிர்நிறப் புடவையைத் தொட விடாமல் ஒரு துண்டு கொடுங்கள். மயிலாடுதுறையில் துலா ஸ்நானத்துக்கு வருகிற கூட்டமும் ஐப்பசியில்தான், ஈரத் தலையோடு வருகிறவர்கள் மழை இல்லாத நாளிலும் உண்டு.

தீபாவளிக்கு மட்டும் வர்ற காலேஜ் பசங்களுக்குத் தனியா பேசணுமா?

ஆமாம், முதல் நாள் சாயங்காலம், பத்து நிமிடம். எந்த அலமாரியில் என்ன ரகம், மடிப்பது எப்படி, யார் பின்னால் நிற்பது. காலைப் பேச்சில் அவர்களுக்கென்று ஒரே ஒரு வரி: "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு, விலையை மட்டும் நீயா சொல்லாதே."

எனக்குப் பேச வராது. பையனைப் பேசச் சொல்லலாமா?

தள்ளுபடிக் கணக்கைப் பையன் சொல்லலாம். அந்த ஐம்பது ரூபாய் வரியை மட்டும் நீங்களே சொல்ல வேண்டும். அதிகாரத்தைக் கொடுக்கிறவர் வாயால் வராவிட்டால் மாடியில் நிற்கும் அண்ணன் அதை நம்ப மாட்டார், எதற்கும் ஒரு தடவை கேட்டுக்கொள்வோம் என்று இறங்கி வந்துவிடுவார்.

பேசினது எடுபட்டுதான்னு எப்படித் தெரியும்?

பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை கல்லாவுக்கு யார் யார் என்ன கேட்க வருகிறார்கள் என்று பில் புத்தகத்தின் பின் அட்டையில் கோடு போட்டு வாருங்கள். தள்ளுபடி பற்றியே பாதிக் கோடு விழுந்தால் காலையில் சொன்னது மண்டையில் ஏறவில்லை, அல்லது நீங்கள் சொன்னதற்கும் பில் மெஷினுக்கும் பொருத்தமில்லை. மெஷினில் ஒரு பில் போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். ஐம்பது ரூபாய்க்குள் குறைக்கவும் உங்களிடமே வந்தால், முன்பு எப்போதோ யாரோ குறைத்ததற்கு நீங்கள் கடிந்துகொண்டிருக்கிறீர்கள், அது இன்னும் மறக்கவில்லை. அப்போது வந்தவரிடம் தொகையைச் சொல்லாதீர்கள், "நீங்களே பார்த்துக்குங்க அண்ணே" என்று திருப்பி அனுப்புங்கள்.

ஒரே ஒரு கேள்வி நாலைந்து பேரிடமிருந்து வந்தால் அதற்கான பதிலைச் சாப்பாட்டுப் பந்தியிலேயே சொல்லிவிடலாம், மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். மறுநாள் காலையில் முழுப் பேச்சும் தேவையில்லை. அந்தக் கோடுகளைப் பார்த்து, அதிகம் விழுந்த ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு ஷட்டரைத் தூக்குங்கள். ஆள் பற்றாக்குறையால் வரிசை நீள்கிறது என்றால் அதற்குப் பேச்சில் மருந்தில்லை, பேக்கிங்குக்கு இன்னும் ஒரு ஆளைப் போடுங்கள்.